விலை முதலில், விதிமுறை மூன்றாவது! பண்ணையில் தங்க விசாரிப்பவருக்குப் பதில் எழுதும் வரிசை

வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளங்கள் இரண்டு பக்கமாகப் பிரிகின்றன. ஒன்று மேற்கே அரக்கோணம் போகிறது. இன்னொன்று கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாக வடக்கே கும்மிடிப்பூண்டி போகிறது. இந்த வடக்குப் பாதையில் சுமார் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு ஏரி வரை சாலையின் இருபுறமும் நெல் வயல்கள்தான்.

சிமென்ட் தரையும் லாரிச் சத்தமுமாக வாழும் ராயபுரம், பேசின் பிரிட்ஜ், எண்ணூர் குடும்பங்களுக்கு மிக அருகில் இருக்கும் கிராமம் இதுதான். ‘ஒரு ராத்திரி வயலோரம் தங்கிவிட்டு வரலாமா?’ என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. சொந்த வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, விருந்தினரைத் தங்கவைத்து, நெல்லோடு கூடுதலாக ஒரு வருமானம் பார்க்க நினைக்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இந்த இருவரும் முதலில் சந்திக்கும் இடம் வயல் அல்ல, வாட்ஸ்அப்.

விசாரித்தவர் அதன்பிறகு பேசாமலே போய்விட்டால், ‘நம்ம விலை அதிகமோ?’ என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், விலையைக் குறைப்பதற்கு முன் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. அனுப்பிய பதிலில் எது முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்பதுதான் அது.

ஒரு விசாரிப்பு, இரண்டு பதில்கள்

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், ஸ்டேஷனுக்கு 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு விவசாயியின் வீடு. தரைத்தளத்தில் இரண்டு அறைகள், மாடியில் ஓர் அறை ஆகியவற்றை விருந்தினருக்குத் தருகிறார். ஜனவரி 5, திங்கட்கிழமை இரவு அவருக்கு ஒரு தகவல் வருகிறது.

‘வணக்கம் சார். பேசின் பிரிட்ஜ்ல இருந்து பேசுறேன். ரயில்வேல இருக்கேன். வர்ற சனி, ஞாயிறு ஃபேமிலியா வரலாம்னு இருக்கோம். பெரியவங்க 4 பேர், பசங்க 2 பேர் (9 வயசு, 4 வயசு). அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. ரூம் இருக்கா? எவ்ளோ ஆகும்?’

இது நல்ல விசாரிப்பு. தேதி, ஆட்களின் எண்ணிக்கை, குழந்தைகளின் வயது, அம்மாவின் முட்டி வலி என எல்லாமே இருக்கின்றன. இதற்கு விவசாயி இப்படிப் பதில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

‘வணக்கம். எங்கள் இயற்கைப் பண்ணைக்கு வருக. இங்கு மது, புகை அனுமதி இல்லை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. வயலில் குப்பை போடக் கூடாது. அடையாள அட்டை கட்டாயம். முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. கட்டணம் ஒரு நபருக்கு 1,400 ரூபாய் முதல். மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால், கேட்டவர் கேட்டது இரண்டே கேள்விகள். ‘ரூம் இருக்கா?’ என்பதற்குப் பதிலே இல்லை. ‘எவ்ளோ ஆகும்?’ என்பதற்கு ‘முதல்’ என்ற சொல்லோடு ஒரு பாதிப் பதில்தான் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கும் 1,400 ரூபாயா, சாப்பாடு அதில் சேர்த்தியா என்று அவருக்குத் தெரியாது. ஆறு பேருக்கும் பெருக்கிப் பார்த்து 8,400 ரூபாய் என்று முடிவு செய்திருப்பார். அதற்கு முன்பே, இன்னும் வீட்டுக்குள் கால் வைக்காத ஒருவருக்கு ஐந்து தடைகள் சொல்லப்பட்டுவிட்டன. கடைசியில் ‘அழைக்கவும்’ என்று வேலை அவர் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தவர், போனை ஓரமாக வைத்துவிடுவார்.

அதே தகவலை வரிசை மாற்றி, அவருடைய குடும்பத்துக்கு ஏற்றபடி எழுதினால் இப்படி இருக்கும்.

‘வணக்கம் சார். ஜனவரி 10 சனி பகல் 12 மணி முதல் 11 ஞாயிறு காலை 11 மணி வரை, தரைத்தளத்திலேயே இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. அம்மா படி ஏற வேண்டாம்.

உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து மொத்தம் 6,300 ரூபாய். பெரியவர்கள் நால்வருக்குத் தலா 1,400 ரூபாய், 9 வயதுப் பிள்ளைக்குப் பாதி 700 ரூபாய், 4 வயதுக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

இதில் சேர்ந்தது: இரண்டு அறைகள், சனி மதியச் சாப்பாடு, மாலை டீயும் பலகாரமும், இரவு டிபன், ஞாயிறு காலை டிபன், காலையில் வயலைச் சுற்றிக் காட்டுவது. சாப்பாடு எங்கள் வீட்டுச் சமையல், சைவம். இதில் சேராதது: மீன், இறால் சாப்பாடு வேண்டும் என்றால் ஒருவருக்கு 250 ரூபாய் கூடுதல், வெள்ளிக்கிழமையே சொல்ல வேண்டும். பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து வர ஆட்டோ சொல்லி வைப்போம், 200 ரூபாயை ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிடலாம். ஏரியில் படகுச் சவாரி கிடையாது.

முன்பணம் 2,000 ரூபாய். உங்கள் டூட்டி மாறினால், வியாழன் மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள். ஒரு முறை தேதியை மாற்றித் தருவோம், அல்லது முன்பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்புவோம். அதற்குப் பிறகு என்றால் காய்கறி, பால் எல்லாம் வாங்கியிருப்போம் என்பதால் திருப்பித் தர இயலாது. எங்கள் பெற்றோரும் இதே வீட்டில் இருக்கிறார்கள். அதனால் மது வேண்டாம், இரவு 10 மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் வேண்டாம்.

வருவதாக இருந்தால், புதன் மாலை 6 மணிக்குள் இதே எண்ணுக்கு யூபிஐயில் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டு “சரி” என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை இந்த இரண்டு அறைகளையும் வேறு யாருக்கும் தரமாட்டோம்.’

இது நீளமான பதில்தான். ஆனால், படிப்பவர் எந்த இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியதில்லை. அவர் மனதில் எந்த வரிசையில் கேள்விகள் எழுமோ, அதே வரிசையில் பதில்கள் வருகின்றன. இடம் இருக்கிறதா, எவ்வளவு, அந்தப் பணத்துக்கு என்னவெல்லாம், எதில் சிக்கிக்கொள்வேன், இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளின் வரிசைதான் பதிலின் வரிசையும்.

விலை ஏன் முதலில்?

விலையைக் கடைசியில் சொன்னால் மரியாதை என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சந்தையில்கூட ‘முதல்ல பொருளைப் பாருங்க’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பொருள் கண்முன் இருப்பதால் அது பொருந்தும். வாட்ஸ்அப்பில் காட்டுவதற்குப் பொருள் இல்லை. விலை வரும்வரை படிப்பவர் மற்றதைக் கவனிப்பதில்லை. எண்ணைத் தேடிக்கொண்டே வரிகளைத் தாண்டிப் போகிறார். எண் கிடைத்த பிறகுதான் நிதானமாகப் படிக்கிறார். அதனால், எவ்வளவு அழகாகப் பண்ணையை வர்ணித்தாலும் விலைக்கு முன்னால் எழுதியது வீண்தான்.

முதலில் சொல்லும் விலை, அந்தக் குடும்பம் கையிலிருந்து கொடுக்கப்போகும் மொத்தத் தொகையாக இருக்க வேண்டும். ‘ஒரு நபருக்கு’ என்பதையும் ‘ஓர் அறைக்கு’ என்பதையும் விருந்தினர் எளிதாகக் குழப்பிக்கொள்வார். 6,300 ரூபாய் என்று மொத்தத்தை முதலில் சொல்லி, அது எப்படி வந்தது என்பதை அடுத்த வரியில் பிரித்துக் காட்டினால் குழப்பத்துக்கு இடமில்லை. குழந்தைக்குப் பாதி, சின்னக் குழந்தைக்கு இல்லை என்பதும் அந்தப் பிரிப்பிலேயே தெரிந்துவிடும்.

‘1,400 ரூபாய் முதல்’ என்று எழுதுவது விளம்பரப் பலகைக்குச் சரி. தேதியும் ஆட்களும் தெரிந்த பிறகு ஒருவருக்கு அப்படி எழுதினால், ‘வந்த பிறகு ஏற்றிவிடுவார்களோ?’ என்ற சந்தேகத்தைத்தான் அது தரும்.

சேர்ந்ததும் சேராததும் விலைக்குப் பக்கத்திலேயே!

விலைக்கும், அதில் சேர்ந்தவற்றுக்கும் நடுவே வேறு எதுவும் வரக் கூடாது. 6,300 ரூபாய் என்ற எண்ணை மட்டும் பார்க்கும் ஒருவர், நகரத்தில் இரண்டு லாட்ஜ் அறைகளுக்கு ஆகும் செலவோடு அதை ஒப்பிடுவார். அடுத்த வரியிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் மாலைப் பலகாரமும் வந்துவிட்டால், அந்த ஒப்பீடு மாறிவிடும். இடையில் நான்கு விதிமுறைகள் புகுந்துவிட்டால், சாப்பாடு பற்றிய வரி வருவதற்குள் ‘அதிகம்’ என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

சேராததைச் சொல்லாமல் விடுவதால் வரும் தகராறுகள், கிளம்பும் நேரத்தில்தான் வெடிக்கும். ‘மீன் சாப்பாடும் சேர்த்துத்தானே சொன்னீங்க?’ என்று விருந்தினர் கேட்க, விவசாயி விழிக்க, நன்றாகப் போன இரண்டு நாள்கள் கசந்துவிடும். அதனால், பழவேற்காட்டுப் பக்கம் வருபவர்கள் இயல்பாகவே எதிர்பார்க்கும் மீன், இறால், வண்டி, படகு ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே தொகையோடு சொல்லிவிட வேண்டும்.

இதில் படகு தனியாகக் கவனிக்க வேண்டியது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்றதால் நடந்த விபத்து அது. அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ‘தெரிந்த மீனவர் இருக்கிறார், ஏற்பாடு செய்யலாம்’ என்று ஒரு விவசாயி பதிலில் எழுதிவிட்டால், வந்த குடும்பம் அதைக் கேட்கும். மறுக்க முடியாத நிலை வரும். தன் கையில் இல்லாத எதையும் ‘சேர்ந்தது’ என்ற பட்டியலில் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பறவைகளுக்கும் இது பொருந்தும். பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. ஆனால், அவை எந்தப் பக்கம் இறங்கும் என்பது ஏரியின் நீர்மட்டத்தையும் இரையையும் பொறுத்தது. ‘பூநாரை பார்க்கலாம்’ என்று உறுதி சொல்லாமல், ‘ஏரிக்கரைக்குப் போக வழி சொல்வோம், பறவைகள் இருப்பது அன்றன்றைய நிலையைப் பொறுத்தது’ என்று எழுதுவதே சரி.

விதிமுறை மூன்றாவது... அதுவும் அவரைத் தொடுவது மட்டும்

ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து விதிகள் இருக்கும். முதல் பதிலில் அத்தனையும் வேண்டாம். பணத்தைத் தொடுவது, வரும் முடிவைத் தொடுவது என்ற இரண்டு வகை மட்டும் போதும். முன்பணம், தேதி மாற்றம், ரத்து ஆகியவை முதல் வகை. மது, சத்தம், வளர்ப்பு நாய் போன்றவை இரண்டாவது வகை. செருப்பை எங்கே விடுவது, மோட்டார் கொட்டகைக்குப் பிள்ளைகளை விடக் கூடாது, கிணற்று மேட்டில் ஏறக் கூடாது என்பதெல்லாம் வந்து இறங்கியதும் நேரில் சொல்ல வேண்டியவை; முன்பணம் வந்த பிறகு தனியாக எழுதி அனுப்பினாலும் சரி.

மேலே சொன்ன இரண்டாவது பதிலில் தேதி மாற்றம் முக்கிய இடம் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேட்டவர் ரயில்வே ஊழியர். பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பெரிய பணிமனை இருக்கிறது. அங்கே மட்டுமின்றி, துறைமுகம், எண்ணூர் அனல்மின் நிலையங்கள், தொழிற்சாலைகள் என வடசென்னையில் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர். அவர்களுடைய பெரிய பயமே ‘கடைசி நேரத்தில் டூட்டி போட்டுவிட்டால் பணம் போய்விடுமோ?’ என்பதுதான். ‘முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற ஒரு வரி அவரை நிறுத்திவிடும். ‘வியாழன் மாலை 6 மணிக்குள் சொன்னால் மாற்றித் தருவோம்’ என்பதும் விதிமுறைதான். ஆனால், அது அவரை வரச் சொல்கிறது. விவசாயிக்கும் இதில் நஷ்டமில்லை. வெள்ளிக்கிழமைதான் காய்கறி, பால் வாங்குகிறார். வியாழன் மாலைவரை அவருக்குச் செலவு எதுவும் இல்லை. கெடு எந்த நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியது, இப்படிச் செலவு தொடங்கும் நாளை வைத்துத்தான்.

தடைகளைச் சொல்லும்போது காரணத்தையும் அரை வரியில் சேர்த்தால் அதட்டலாகத் தெரியாது. ‘எங்கள் பெற்றோரும் இதே வீட்டில் இருக்கிறார்கள்’ என்பதே போதும்.

அடுத்து என்ன? ஒன்றே ஒன்று!

பதிலின் கடைசி வரி, கேட்டவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியமாக இருக்க வேண்டும். ‘போன் பண்ணுங்க, இல்லன்னா மெசேஜ் போடுங்க, லிங்க்ல பாருங்க’ என்று மூன்று வழிகள் காட்டினால், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடத்தான் தோன்றும். எவ்வளவு தொகை, எந்த வழியில், எந்த நாள் எத்தனை மணிக்குள் என்ற மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அதோடு, அதுவரை அறை அவருக்காக நிற்குமா என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கெடுவுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 6-வது பிரிவின்படி, ஒரு முன்மொழிவில் ஏற்பதற்கான காலம் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தக் காலம் முடிந்ததும் முன்மொழிவும் முடிந்துவிடும். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால், ‘நியாயமான காலம்’ என்று சட்டம் சொல்கிறது. எது நியாயமான காலம் என்பது ஆளாளுக்கு வேறுபடும். திங்கட்கிழமை விலை சொன்னார், வெள்ளிக்கிழமை வேறு ஒருவருக்கு அறையைக் கொடுத்தார், சனிக்கிழமை முதல் குடும்பம் பையோடு வந்து நின்றது என்பது போன்ற சிக்கல்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

வெறும் விலையைச் சொல்வது வேறு, ‘தருகிறேன்’ என்று சொல்வது வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. குடகின் மடிக்கேரியில் இருந்த ஒரு பங்களாவை வாங்க ஒருவர் விலை கேட்டார். ‘10,000 ரூபாய்க்குக் குறைந்து ஏற்கமாட்டேன்’ என்று உரிமையாளரிடமிருந்து பதில் வந்தது. வாங்குபவர் ‘10,000 தருகிறேன்’ என்றார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வாதாடினார். மேக்ஃபர்சன் எதிர் அப்பண்ணா என்ற அந்த வழக்கில் 1951-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், விலையைக் குறிப்பிட்டது மட்டுமே முன்மொழிவு ஆகாது, பேச்சைத் தொடர விடுத்த அழைப்புதான் என்று சொல்லிவிட்டது. அது நிலம், வீடு சம்பந்தப்பட்ட பெரிய விவகாரம். ஆனால், இரண்டு அறைகள் தரும் விவசாயிக்கும் அதில் பாடம் உண்டு. விலையை மட்டும் அனுப்பினால், எதிரில் இருப்பவர் ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்திருக்கலாம். அனுப்பியவர் ‘இன்னும் பேச்சுதான்’ என்று நினைத்திருக்கலாம். ‘முன்பணம் வந்து, “சரி” என்று எழுதினால் அறை உறுதி’ என்ற ஒரு வரி அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

வரிசை மாறும் இடங்கள்

இந்த வரிசைக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. வருவதையே தடுக்கக்கூடிய செய்தி இருந்தால், அது விலைக்கும் முன்னால் வர வேண்டும். மேலே சொன்ன குடும்பத்துக்கு, தரைத்தளத்தில் ஓர் அறை மட்டும் காலி, இன்னொன்று மாடியில்தான் என்ற நிலை இருந்தால், முதல் வரியே அதுதான். ‘தரைத்தளத்தில் ஓர் அறைதான் இருக்கிறது, அம்மாவும் இன்னும் இருவரும் அதில் தங்கலாம், மற்றவர்கள் மாடியில்’ என்று சொல்லிவிட்டுத்தான் 6,300 ரூபாய் வர வேண்டும். விலையையும் சாப்பாட்டையும் படித்து மனம் ஒப்பிய பிறகு, ஆறாவது வரியில் மாடிப்படி வந்தால் ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். அறையே இல்லை என்றாலும் அப்படித்தான். ‘10-ம் தேதி இல்லை, 24-ம் தேதி சனிக்கிழமை இருக்கிறது’ என்பது முதல் வரி.

‘ரேட் என்ன?’ என்று இரண்டே சொற்களில் கேட்பவருக்கு மொத்தத் தொகை சொல்ல முடியாது. அதற்காக, ‘தேதி சொல்லுங்க, எத்தனை பேர் சொல்லுங்க’ என்று கேள்வியை மட்டும் திருப்பி அனுப்பினால் பலர் பதில் போடமாட்டார்கள். ஒரு மாதிரிக் கணக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். ‘பெரியவர்கள் இருவர், ஓர் இரவு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு 2,800 ரூபாய். எந்தத் தேதி, பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொன்னால் மொத்தத் தொகையை இப்போதே சொல்கிறோம்.’ இங்கேயும் விலை, சேர்ந்தது, அடுத்த காரியம் என்ற வரிசைதான். விதிமுறை மட்டும் அடுத்த பதிலுக்குத் தள்ளிப்போகிறது.

போனில் விசாரிப்பவருக்கும் இதே வரிசையில் பேசலாம். ஆனால், பேசி முடித்ததும் அதையே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். போனில் பேசியவர் ஒருவராகவும், பணம் கொடுப்பவர் இன்னொருவராகவும் இருப்பது குடும்பங்களில் சகஜம். எழுத்து இருந்தால் இருவரும் ஒரே செய்தியைப் படிப்பார்கள்.

எது தவறிப்போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விருந்தினர் திருப்பிக் கேட்கும் கேள்வியே அதற்கான அடையாளம். ‘சாப்பாடு சேர்த்தா, தனியா?’ என்று கேட்டால், சேர்ந்தவற்றின் பட்டியல் விலையிலிருந்து தள்ளிப்போயிருக்கிறது. ‘பசங்களுக்கும் அதே ரேட்டா?’ என்றால் மொத்தத் தொகை இல்லை. ‘அப்ப கன்ஃபார்மா சார்?’ என்றால் அடுத்த காரியம் தெளிவாக இல்லை. ‘வரமுடியலைன்னா?’ என்றால் ரத்து விதி விடுபட்டிருக்கிறது.

ஒரு நோட்டில் அடுத்த பத்து விசாரிப்புகளையும், அவர்கள் திருப்பிக் கேட்ட முதல் கேள்வியையும் எழுதிவந்தால், பதிலில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால் அது விருந்தினரின் கவனக்குறைவு அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதிலைத் திருத்திப் போனில் சேமித்து வைத்துக்கொண்டால், தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றி அனுப்பலாம்.

எந்தக் கேள்வியும் கேட்காமல், முழுப் பதிலையும் படித்துவிட்டு, ‘பட்ஜெட் ஒத்துவரல சார்’ என்று சொல்பவரும் இருப்பார். வரிசையை மாற்றி அவரை வரவழைக்க முடியாது. ஆனால், அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. விவசாயிக்கும் புதன்கிழமைவரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: விலையை முதலிலேயே சொன்னால், உடனே பேரம் பேசுகிறார்களே? என்ன செய்வது? (மீஞ்சூர் வாசகர்)

பதில்: பேரம் வரட்டும். சேர்ந்தவற்றைப் பட்டியலாகச் சொல்லியிருப்பதால், விலையை அப்படியே குறைக்காமல், பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டுக் குறைக்கலாம். ‘சனி மதியச் சாப்பாடு வேண்டாம் என்றால், பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100 என மொத்தம் 900 ரூபாய் குறையும். 5,400 ரூபாய் ஆகும். மதியம் 3 மணிக்கு வரலாம்’ என்று சொல்லுங்கள். காரணமில்லாமல் 6,300-ஐ 5,400 ஆக்கினால், முதலில் சொன்னது ஏமாற்று விலை என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி உண்டா என்று கேட்கிறார்கள். எப்படி எழுதுவது? (கவரைப்பேட்டை வாசகர்)

பதில்: தமிழ்நாட்டில் சேவை வழங்குபவர்கள் பொதுவாக ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. அதனால், ‘மொத்தம் 6,300 ரூபாய், இதற்கு மேல் வரி எதுவும் இல்லை’ என்று விலை வரியிலேயே எழுதிவிடுங்கள். பதிவு செய்தவர் என்றால், வரியைச் சேர்த்த தொகையையே மொத்தமாகச் சொல்லுங்கள். ‘வரி தனி’ என்று கடைசியில் எழுதுவது, விலையை இரண்டாவது முறை சொல்வது போல ஆகிவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற உறவினரோடு ஒரு குடும்பம் வரக் கேட்கிறது. பதிலில் எதையாவது கூடுதலாகச் சேர்க்க வேண்டுமா? (பொன்னேரி வாசகர்)

பதில்: ஆம். வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான அரசுப் படிவத்தை இணையவழியில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட், விசா விவரங்கள் தேவை. இது விதிமுறைப் பகுதியில் வர வேண்டிய செய்தி. ‘உங்கள் உறவினரின் பாஸ்போர்ட்டும் விசாவும் வரும்போது கையில் இருக்கட்டும், அரசுப் படிவத்துக்குத் தேவை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டணம் கூடாது என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள்.